சிரிப்பு வராத இடம் எது? கல்லூரி விழா நகைச்சுவைக் குறுநாடகத்தில் பிழை நீக்கும் வழிமுறை

பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையோ பலதுறைத் தொழிற்கல்லூரியின் இந்தியக் கலாசார மன்றமோ நடத்தும் விழாவில் நகைச்சுவைக்கு ஆறு நிமிடம் ஒதுக்குவார்கள். அந்த ஆறு நிமிடத்துக்கான குறுநாடகம் ஒத்திகையில் சோர்ந்து கிடக்கும்போது, குழுவில் யாராவது ஒருவர் "இன்னும் நாலு ஜோக் சேர்க்கலாம்" என்பார். சேர்த்தால் நாடகம் எட்டு நிமிடமாகும், சோர்வும் கூடும். சிரிப்பு வராத இடத்தில் கோளாறு இருப்பது அரிது. பெரும்பாலும் அதற்கு ஒரு பக்கம் முன்னால் இருக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் பின்னோக்கிப் போய்த்தான் தேடப்போகிறோம்.

எடுத்துக்காட்டாக ஒரே நாடகத்தைப் பிரித்துப் பார்க்கலாம். களம் உணவங்காடி நிலையம், நண்பகல், கூட்டம். காலியாக ஒரே ஒரு மேசை. அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். சிங்கப்பூரில் இதற்கு "இந்த மேசையை ஒருவர் பிடித்துவிட்டார்" என்று பொருள், அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கையில் சூடான ஆட்டுக்கால் சூப்புடன் வரும் கவின், பாக்கெட் இருக்கும் மேசையில் உட்கார மறுக்கிறான். திருச்சியிலிருந்து புதிதாகப் படிக்க வந்திருக்கும் மதிக்கு இது விளங்கவில்லை. இவ்வளவுதான் விதை. வசனங்களை இங்கே எழுத்துத் தமிழில் தருகிறேன். மேடையில் நடிகர்கள் தத்தம் பேச்சுவழக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும்.

முதலில் ஒரு சோதனை

கைபேசியை ஒத்திகை அறையின் கடைசி வரிசையில், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். நாடகத்தைப் பார்த்திராத மூன்று நான்கு பேரை அழைத்து உட்கார வையுங்கள். குழுவினரின் சிரிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அவர்கள் நண்பனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நாடகத்தைப் பார்த்து அல்ல. பிறகு பதிவைப் போட்டு, பிரதியின் ஓரத்தில் சிரிப்பு வந்த இடத்தில் ஒரு கோடு, பலத்த சிரிப்புக்கு இரண்டு கோடு போடுங்கள். வெற்றிடம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து கீழே உள்ள பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

அறிகுறி: முதல் ஒரு நிமிடத்துக்கு ஓரத்தில் கோடே இல்லை

காரணம் பெரும்பாலும் அறிமுகம். முதல் பிரதிகள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் தொடங்கும்:

கவின்: மதி, விரிவுரை முடிந்ததா?
மதி: முடிந்தது. பசி உயிர் போகிறது.
கவின்: எனக்கும்தான். பார், எவ்வளவு கூட்டம்!
மதி: இடம் கிடைக்குமா?

இந்த நான்கு வரிகளில் பார்வையாளருக்குத் தெரியாத செய்தி ஒன்றுகூட இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்தாலே பசி, கூட்டம், இடமின்மை மூன்றும் விளங்கிவிடும். முதல் அரை நிமிடத்துக்குள் பார்வையாளருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த உலகில் எந்த விதி எல்லை மீறப்போகிறது? ஆகவே விதிக்கு நேரே போங்கள்.

(மதி நாற்காலியை இழுக்கிறான்.)
கவின்: உட்காராதே!
மதி: ஏன்? காலியாகத்தானே இருக்கிறது?
கவின்: காலியா? (பாக்கெட்டைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தி) ஆள் இருக்கிறது.

முதல் கோடு இங்கே விழ வேண்டும். மதி ஊருக்குப் புதியவன் என்பதால் அவன் கேள்வியே விளக்கமாகிவிடுகிறது. விழாவுக்கு வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் அது போதும்.

இந்த வரியில் விழாமல் அடுத்த வரிகளிலும் விழாமல் போனால், கவினை நடிப்பவர் சிரிக்கவைக்க முயல்கிறார் என்று பொருள். கவினுக்கு இது நகைச்சுவை அல்ல. கோயிலில் செருப்புடன் நுழையப்போனவனைத் தடுக்கும் அதே உண்மையான பதற்றம் அவனிடம் இருக்க வேண்டும். இயக்குநர் சொல்ல வேண்டியதும் அது ஒன்றுதான்.

அறிகுறி: தொடக்கத்தில் நன்றாகச் சிரித்தார்கள், இரண்டாம் நிமிடத்திலிருந்து மெல்ல அடங்கிப்போனார்கள்

கல்லூரிக் குறுநாடகங்களின் தலையாய நோய் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதல் பிரதியின் நடுப்பகுதியில் நான்கு நிகழ்வுகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஓர் அம்மாள் வந்து குடையை வைத்து இடம் பிடிக்கிறார். பான விற்பனையாளர் வந்து பாக்கெட்டிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். மதி துண்டைப் போடுகிறான். இன்னொருவர் அடையாள அட்டையை வைக்கிறார். தனித்தனியாகப் படித்தால் நான்குமே வேடிக்கைதான். ஆனால் நான்கையும் நான்கு துண்டுக் காகிதங்களில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். எந்த வரிசையில் வந்தாலும் நாடகம் நடக்கிறதென்றால் அங்கே ஏற்றம் இல்லை, ஒரே உயரத்தில் நான்கு தடவை குதித்திருக்கிறோம். மூன்றாவது குதிப்பில் பார்வையாளர் "சரி, அடுத்து யாராவது எதையாவது கொண்டுவந்து வைப்பார்" என்று ஊகித்துவிடுவார். ஊகித்துவிட்டால் சிரிப்பு போய்விடும்.

திருத்துவதற்கு இரண்டு சொற்கள் போதும். நிகழ்வுகளுக்கு நடுவே "அப்புறம்" என்று போட்டுப் பாருங்கள், பிறகு "அதனால்" என்று போட்டுப் பாருங்கள். "அப்புறம்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அந்த இணைப்பை மாற்றி எழுத வேண்டும். நம் நாடகத்தை "அதனால்" கொண்டு கோத்தால் இப்படி வரும்.

கவின் உட்கார மறுக்கிறான். அதனால் எரிச்சலடைந்த மதி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எதிர் நாற்காலியில் வீசுகிறான்: "எங்கள் ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டால் சட்டம்." இப்போது மேசைக்கு உரிமை கோருபவர்கள் இருவர். அதனால் அந்தப் பக்கம் வரும் அம்மாள், இது வரிசை போலும் என்று எண்ணிக் கவினுக்குப் பின்னால் நின்றுவிடுகிறார். வரிசையைக் கண்டதும் இன்னும் இருவர் சேர்கிறார்கள், எதற்கென்று கேட்காமலேயே. (இங்கே சிங்கப்பூர்ப் பார்வையாளர்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.) வரிசை இருப்பதால் பான விற்பனையாளர் வருகிறார். மேசையில் "உட்கார்ந்திருப்பவர்" பாக்கெட் மட்டுமே என்பதால் அதனிடமே கேட்கிறார்.

விற்பனையாளர்: (குனிந்து, பாக்கெட்டிடம்) என்ன குடிக்கிறீர்கள்?
(மௌனம். எல்லோரும் பாக்கெட்டையே பார்க்கிறார்கள்.)
கவின்: கோப்பி ஓ கோசோங். அவருக்குச் சர்க்கரை வேண்டாம்.
மதி: அவருக்கா?
கவின்: எறும்பு வரும்.

கோப்பி வந்துவிட்டது. அதனால் பாக்கெட் இப்போது வாடிக்கையாளர். அதனால் அம்மாள் அதைப் பேச்சுக்கு இழுக்கிறார்.

அம்மாள்: தம்பி எந்தப் பக்கம்? (கண்ணாடியைத் தூக்கிப் பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படித்து) மூன்று அடுக்கு என்று போட்டிருக்கிறது. (வரிசையிடம் திரும்பி) வசதியான குடும்பம்.

பாக்கெட்டுக்கு இங்கே ஒரு வாழ்வு வந்துவிட்டதைக் கவனியுங்கள். பொருள், ஆள், வாடிக்கையாளர், குடும்பத்துப் பிள்ளை என்று படிப்படியாக ஏறியிருக்கிறது. தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த ஏற்றத்தை அளக்க ஒரு வசதியும் உண்டு. பிரதி முழுவதும் பாக்கெட்டைக் குறிக்கும் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். முதலில் "அது", பிறகு "ஆள்", பிறகு "இவர்", கடைசியில் "ஐயா" என்று ஏறுமுகமாக இருக்க வேண்டும். இரண்டாம் நிமிடத்திலேயே "ஐயா" வந்துவிட்டால் மேலே போக இடமில்லாமல் தவிப்பீர்கள். நடுவில் யாராவது மறந்துபோய் "அது" என்று சொல்லிவிட்டால் ஏறிய ஏணியே சரிந்துவிடும். மதி ஒருவன் மட்டும் தொடர்ந்து "அது" என்றே சொல்லலாம், அவனும் கடைசியில் "அவர்" என்று சொல்லும் இடம் ஒரு தனிச் சிரிப்பு.

அடுத்த "அதனால்" உச்சத்துக்கு இட்டுச்செல்கிறது. இவ்வளவு நேரம் சூப்பின் மிளகு ஆவிக்கு மேலேயே கவினின் மூக்கு இருந்திருக்கிறது. அதனால் தும்மல் வருகிறது. இரண்டு கைகளும் தட்டில். அந்த இடத்தில் இருக்கும் ஒரே டிஷ்யூ, மேசைக்கு உரியவரின் உடலில் இருக்கிறது. வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்து நிற்க, மதி கையை நீட்டுகிறான். "ஐயா, மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி ஒன்றை உருவுகிறான். அம்மாள் முகத்தைப் பொத்திக்கொள்கிறார்.

முதல் பிரதியிலிருந்த குடையும் அடையாள அட்டையும் எங்கே போயின என்று கேட்டால், வெட்டப்பட்டன. எழுதியவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவை துண்டு செய்த வேலையையே மறுபடியும் செய்தன.

வெட்ட வேண்டிய இன்னொன்று: பான விற்பனையாளரை வேறோர் இனத்தவர்போல் குரலை மாற்றிப் பேச வைக்கலாமே என்ற யோசனை ஏதாவதோர் ஒத்திகையில் எழும். அது புண்படுத்தும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சிரிப்பு குரலுக்குப் போய்விடும், பாக்கெட்டுக்கு வராது. அதற்கு அடுத்த இரண்டு வரிகளும் அதனால் செத்துவிடும்.

அறிகுறி: முன்வரிசை சிரிக்கிறது, பின்வரிசை கழுத்தை நீட்டிப் பார்க்கிறது

இது காட்சி நகைச்சுவையின் கோளாறு, வசனத்தைத் தொடாதீர்கள். முதலில் அரங்கு எப்படிப்பட்டது என்று பாருங்கள். படிப்படியாக உயரும் விரிவுரை அரங்கில் பின்னாலிருப்பவர்கள் மேசையின் மேற்பரப்பை மேலிருந்து பார்ப்பார்கள். தட்டையான தரையில் நாற்காலி போட்ட பல்நோக்கு மண்டபத்தில் கணக்கு தலைகீழ். மேடை ஒரு மீட்டர் உயரம், மேசை 75 சென்டிமீட்டர் என்றால் மேசையின் மேற்பரப்பு தரையிலிருந்து 1.75 மீட்டரில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறக்குறைய 1.2 மீட்டரில். அதாவது மேசையைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறார்கள், படுக்கவைத்த பாக்கெட் அவர்கள் கண்ணிலேயே படாது. நாடகத்தின் நாயகன் யாருக்கும் தெரியாமல் ஆறு நிமிடம் படுத்துக்கிடப்பான்.

பாக்கெட்டை நிமிர்த்தி நிற்கவைக்க வேண்டும், மேசையின் முன்விளிம்பில். பின்னால் சிறு அட்டைத் தாங்கி ஒட்டிவிட்டால் விழாது. மேசை வெளிர் நிறம் என்றால் பாக்கெட் அடர்நீலமோ சிவப்போ. நின்றாலும் அது சிறியதுதான். பத்து சென்டிமீட்டர் பொருள் 15 மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது வானத்து முழுநிலவைவிடச் சிறியதாகத் தெரியும். இதற்காகத் தலையணை அளவில் ஒரு பாக்கெட் செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். இவ்வளவு அற்பமான ஒன்றுக்கு இத்தனை மரியாதையா என்பதுதான் மொத்தச் சிரிப்பும், பொருள் பெரிதானால் மரியாதை நியாயமாகிவிடும். பார்வையாளரின் கண்ணைப் பாக்கெட்டுக்குக் கொண்டுபோவது நடிகர்களின் கண். மேடையில் நான்கு பேர் ஒரே புள்ளியைப் பார்த்தால் அரங்கமும் அங்கேதான் பார்க்கும். ஆகவே மேலே "(மௌனம். எல்லோரும் பாக்கெட்டையே பார்க்கிறார்கள்.)" என்பதை அலங்காரக் குறிப்பாக எண்ணிவிட வேண்டாம். ஒருவர் தன் அடுத்த வசனத்தை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாலும் சிரிப்பில் பாதி போய்விடும்.

இனி நகர்வுக் குறிப்புகள். வலம், இடம் என்பது நடிகரின் கோணமா பார்வையாளரின் கோணமா என்பதைப் பிரதியின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அரங்கக் கலைஞர்கள் நடிகரின் கோணத்தையே கொள்வார்கள், ஆனால் ஒலி, ஒளிப் பொறுப்பிலுள்ள மாணவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பார்வையாளரின் கோணத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

மேசை நடுவில், மேடையின் முன்பாதியில். தரையில் நான்கு கால்களுக்கும் ஒட்டுநாடா அடையாளம். கவின் மேசைக்குப் பின்னால், முகம் அரங்கை நோக்கி. மதி இடப்புறம். மேசைக்கும் பார்வையாளருக்கும் நடுவே நாடகம் முடியும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது, ஒத்திகையில் மீறுபவர் கோப்பி வாங்கித்தர வேண்டும் என்று விதி போட்டால் இரண்டு நாளில் பழகிவிடும். வரிசை நேராகப் பின்னோக்கிப் போனால் முதல் முதுகு மட்டும்தான் தெரியும். கவினுக்கு வலப்புறத்திலிருந்து மேடையின் வலப் பின்மூலைக்குச் சாய்வாகப் போகட்டும், எல்லா முகமும் தெரியும். விற்பனையாளர் இடப்புறமிருந்து வந்து, மேசையின் இடப் பக்கத்தில் நின்று, தன் முகம் பாக்கெட்டின் உயரத்துக்கு வரும்வரை குனிய வேண்டும். பக்கவாட்டில் அவர் மூக்கும் பாக்கெட்டும் நேருக்கு நேர் தெரிகின்றனவா என்று கடைசி வரிசைப் பதிவில் பாருங்கள். அரைகுறையாகக் குனிந்தால் மரியாதைக்கு வணங்குகிறார் என்று தோன்றும், பேசுகிறார் என்று தோன்றாது.

ஒரு நேரத்தில் ஓர் அசைவு என்பதும் முக்கியம். மதி துண்டை வீசும் அதே கணத்தில் அம்மாள் நுழைந்தால், அரங்கில் பாதிப் பேர் துண்டைத் தவறவிடுவார்கள். பிறகு வரிசை எதனால் உருவானது என்பது அவர்களுக்குப் புரியாது. துண்டு நாற்காலியில் விழட்டும், மதி கையைத் தட்டிக்கொள்ளட்டும், அதன்பின் அம்மாளின் முதல் அடி.

தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவின் நாடகம் முழுவதும் தட்டைக் கீழே வைப்பதில்லை. முதலில் நெஞ்சுயரம், பிறகு வயிற்றுயரம், பிறகு முழங்கைகளை இடுப்பில் ஊன்றி, கடைசியில் நடுக்கத்துடன். யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது. வசனம் ஏதுமின்றி ஓரமாக ஏறிக்கொண்டே போகும் இந்த நகைச்சுவை, நடுப்பகுதி தொய்ந்தாலும் தாங்கிப் பிடிக்கும். கிண்ணத்தில் சூப் வேண்டாம், வழுக்கி விழுவார்கள். அடியில் ஒட்டப்பட்ட அரை கிலோ அரிசிப் பை போதும். எடை உண்மையாக இருந்தால் நடுக்கமும் உண்மையாகத் தெரியும்.

அறிகுறி: முடிவு வந்தது யாருக்கும் தெரியவில்லை, கைதட்டல் தயங்கித் தயங்கி வருகிறது

நம் நாடகத்தின் முடிவு இது. தும்மலுக்குப் பிறகு உண்டான அமைதியில் மேசையைத் துடைக்கும் துப்புரவாளர் வருகிறார். பாக்கெட்டைச் சாதாரணமாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அது அவருடையது. போய்விடுகிறார். எல்லோரும் வெற்று மேசையைப் பார்க்கிறார்கள். மதி, கையில் இருக்கும் அந்த ஒற்றை டிஷ்யூவை, கவின் மூக்கைத் துடைத்த அதையே, மெதுவாக மேசையில் வைக்கிறான். வரிசை முழுவதும் ஓரடி பின்வாங்குகிறது. விளக்கு அணைகிறது.

இதற்குச் சிரிப்பு வரவில்லையென்றால் கடைசிக் காட்சியைத் தோண்டாதீர்கள், முதல் பத்து வினாடியைப் பாருங்கள். பாக்கெட் யாருடையது என்று பார்வையாளருக்குக் காட்டினீர்களா? திரை விலகும்போது துப்புரவாளர் மட்டும் மேடையில் இருக்க வேண்டும். மேசையைத் துடைக்கிறார், சட்டைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து ஒரு தாளால் கழுத்து வியர்வையை ஒற்றுகிறார், பாக்கெட்டை மேசையில் நிறுத்துகிறார், ஒரு கையில் வாளி, மறு கையில் துணி, வலப்புறம் வெளியேறுகிறார். மறப்பதற்குக் காரணம் இரு கைகளும் நிறைந்திருப்பது. அவர் கையில் சாப்பிட்டவர்கள் மேசையில் விட்டுப்போன தட்டுகளைக் கொடுக்க நினைத்தால் யோசியுங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. தட்டுக் குவியலைக் கண்டதும் அரங்கின் ஒரு பகுதி "யார் விட்டுப்போனது?" என்று வேறெங்கோ யோசிக்கப் போய்விடும்.

பாக்கெட் யாருடையது என்பதைக் கடைசிவரை மறைத்தால் வியப்பு பெரிதாக இருக்குமே என்று சிலர் வாதிடுவார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. வியப்பு ஒரு வினாடிக்கு வரும். பாக்கெட் துப்புரவாளருடையது என்று அரங்கத்துக்குத் தெரிந்து, மேடையிலிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், "வசதியான குடும்பம்" என்ற வரிக்கு இரட்டைச் சிரிப்பு. மேலும் கல்லூரி விழாவில் தாமதமாக வந்து இருட்டில் இருக்கை தேடுபவர்கள் முதல் காட்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகத் துப்புரவாளர் நடுவில் இரண்டு முறை மேடையின் பின்புறமாகக் கடந்து போகட்டும். முதல் முறை, துண்டு விழுந்த பிறகு: சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறார், வெறுமை. இரண்டாம் முறை, கோப்பி வந்த பிறகு: காற்சட்டைப் பைகளையும் தேடி, தலையைச் சொறிந்துகொண்டு, வரிசையின் கடைசியில் ஒரு கணம் நின்று, "நமக்கெதற்கு" என்று போய்விடுகிறார். அவர் கடக்கும் ஐந்தாறு வினாடிகள் முன்னால் இருப்பவர்கள் அசையவும் கூடாது, பேசவும் கூடாது, இல்லாவிட்டால் அவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அவரை அசடாக நடிக்க வைக்கவும் வேண்டாம். மேடையில் சரியான புத்தியுடன் நடமாடும் ஒரே ஆள் அவர்தான், மற்றவர்களின் பைத்தியக்காரத்தனம் அவரை வைத்துத்தான் அளக்கப்படுகிறது.

வேலை செய்கிறதா என்று அறிய, புதிதாகப் பார்ப்பவர் ஒருவரை மூன்றாம் நிமிடத்தில் நிறுத்தி, "இது யாருடைய பாக்கெட்?" என்று கேளுங்கள். தயங்கினால் தொடக்கக் காட்சி இன்னும் அவசரமாக இருக்கிறது.

அதெல்லாம் சரியாக இருந்தும் கைதட்டல் தயங்குகிறதென்றால் விளக்குதான் காரணம். "கடைசி வசனம் முடிந்ததும் விளக்கை அணை" என்று குறித்திருப்பார்கள், இந்த முடிவில் வசனமே இல்லை. ஒளி இயக்குபவரின் பிரதியில் இப்படி எழுதுங்கள்: "வரிசை பின்வாங்கி, கடைசி ஆளின் கால் தரையைத் தொட்டதும், உடனடியாக முழு இருட்டு." மெல்ல மங்கும் விளக்கு நகைச்சுவைக்கு எதிரி. அது பார்வையாளரை உருக்கத்துக்குத் தயார்ப்படுத்திவிடும்.

அறிகுறி: விழா நாளில் பலத்த சிரிப்பு, ஆனால் அதன்பின் நாடகம் புரியாமல் போகிறது

நல்ல நோய் இது. ஒத்திகையில் மூன்று பேர் சிரித்த இடத்தில் முந்நூறு பேர் சிரிக்கிறார்கள், அடுத்த வரி அதில் மூழ்கிவிடுகிறது. சிரிப்பு உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கும்போது பேச வேண்டும். முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் போய்விடும். காத்திருக்கும்போது சிலையாக நின்றால் நடிகர் சிரிப்புக்காக நிற்பது தெரிந்துவிடும். அதற்குத்தான் தட்டு இருக்கிறது, கவின் பிடியை மாற்றிக்கொள்ளலாம், சூப்பை எட்டிப் பார்க்கலாம். பிரதியிலும் ஒரு முன்னெச்சரிக்கை செய்யலாம். இரண்டு கோடு விழுந்த வரிக்கு அடுத்த வரியில் கதைக்குத் தேவையான செய்தி எதையும் வைக்காதீர்கள். "எறும்பு வரும்" என்பதற்கு அடுத்து விற்பனையாளர் தலையாட்டிவிட்டுப் போவது மட்டுமே இருக்கட்டும்.

அறிகுறி: வசனம் கேட்கிறது, ஆனால் உடம்பு வேலை செய்யவில்லை

கையில் பிடிக்கும் ஒலிவாங்கி. கவினுக்கு இரண்டு கையும் தட்டில் இருக்கின்றன, தலையில் மாட்டும் ஒலிவாங்கி அவனுக்கு வேண்டும். ஏற்பாட்டாளரிடம் இரண்டுதான் இருக்கிறதென்றால் கவினுக்கும் மதிக்கும் கொடுங்கள். அம்மாள் கவினின் பக்கமாகச் சாய்ந்து பேசட்டும், விற்பனையாளர் மதியின் அருகே. தும்மலைச் சத்தமாகப் போட்டால் ஒலிபெருக்கி அலறும். ஆகவே தும்மலைச் சத்தமின்றி, தோள்களை உயர்த்தி, முகத்தை ஒலிவாங்கிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி நடிக்கப் பழகுங்கள். சத்தமில்லாத தும்மல் இன்னும் வேடிக்கையாகவும் இருக்கும்.

அறிகுறி: ஒத்திகையில் ஆறு நிமிடம், மேடையில் எட்டு

சிரிப்புக்கும் துப்புரவாளரின் நடைக்கும் நேரம் வைக்கவில்லை. ஆறு நிமிடம் கொடுத்தால், சிரிப்பே இல்லாத ஒத்திகையில் நாடகம் நான்கரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கூடுதலாக இருந்தால் வசனத்தில் வெட்டுங்கள், துப்புரவாளரின் நடையில் கைவைக்காதீர்கள். முதலில் வெட்டத் தகுந்தவை, பக்கத்தில் நடப்பதை வார்த்தையில் திருப்பிச் சொல்லும் வரிகள்: "பார், வரிசை நிற்கிறது", "ஐயோ, கோப்பி வந்துவிட்டது" போன்றவை. கிழிக்கப்படும் பாக்கெட் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிதாக வேண்டும், பொருள்களுக்குப் பொறுப்பானவர் பையில் கூடுதலாக இரண்டு வைத்திருக்கட்டும், அவற்றின் வாய்ப்பகுதியை முன்கூட்டியே பாதி பிரித்து. மேடையில் மதி விரலால் நெருடிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு வினாடியும் தும்மலின் கணக்கில்தான் கழியும்.